தெர்மாமீட்டர் 114 காட்டுகிறது, பாகு உருளவில்லை

கேள்வி: பாகு காய்ச்ச தெர்மாமீட்டர் வாங்கினேன். சாஃப்ட் பால் என்ற உருட்டுப் பதத்துக்கு 112–116 டிகிரி, ஹார்டு கிராக் என்ற முறியும் பதத்துக்கு 146–154 என்று அதோடு வந்த அட்டையில் போட்டிருக்கிறது. 114-ல் இறக்கினால் உருண்டை பிடிக்கவே மாட்டேன் என்கிறது, நூலாக இழுபடுகிறது. 150 வரை விட்டு ஊற்றிய மிட்டாய் பல்லில் ஒட்டுகிறது. தெர்மாமீட்டரை நம்புவதா, தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பதை நம்புவதா?

பதில்:

இரண்டு கோளாறும் ஒரே பக்கம் சாய்வதைக் கவனியுங்கள். இரண்டு தடவையும் பாகு வேக வேண்டிய அளவுக்கு வேகவில்லை. அப்படியானால் உங்கள் தெர்மாமீட்டர் உண்மையான சூட்டைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது, அல்லது அதன் நுனி பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அதை எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன். நம்பிக்கை விஷயத்தில் என் பதில்: இறுதித் தீர்ப்பு தண்ணீரில் விழும் சொட்டுக்குத்தான். தெர்மாமீட்டர், சொட்டு விட்டுப் பார்க்க வேண்டிய நேரம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கருவி.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நமக்கு உண்மையில் வேண்டியது சூடு இல்லை. பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதுதான் வேண்டும். வெறும் தண்ணீர் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு நேரம் கொதிக்க விட்டாலும் 100-ஐத் தாண்டாது. அதில் சர்க்கரை கரைந்திருந்தால் கொதிநிலை உயரும். சர்க்கரையின் பங்கு கூடக்கூட இன்னும் உயரும். பாகு கொதிக்கும்போது ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், சர்க்கரை போகாது. ஆகவே நேரம் ஆக ஆகப் பாகு அடர்ந்துகொண்டே போகிறது, கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகிறது. தெர்மாமீட்டரில் தெரியும் எண், தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதற்கான மறைமுகக் கணக்கு. பதம் என்று நாம் சொல்வதும் அதே தண்ணீர்க் கணக்கைத்தான், விரலால் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இதை ஒரு பாத்திரத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். 500 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 150 கிராம் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 650 கிராம். பச்சைத் தண்ணீரில் இவ்வளவு சர்க்கரையும் கரையாது, 75 டிகிரியை நெருங்கும்போதுதான் முழுக்கக் கரையும். கரைந்து கொதி வரும்போதே தெர்மாமீட்டர் 108-ஐ ஒட்டி நிற்கும், ஏனென்றால் அப்போதே பாகில் 77 சதவீதம் சர்க்கரை இருக்கிறது. 111 டிகிரி ஆகும்போது சர்க்கரை சுமார் 80 சதவீதம். அதாவது பாத்திரத்தில் மிச்சம் இருக்கும் தண்ணீர் 125 கிராம். 116 ஆகும்போது 85 சதவீதம், தண்ணீர் 90 கிராமுக்குச் சற்றுக் கீழே. 123-ல் 90 சதவீதம், தண்ணீர் 56 கிராம். 140-ல் 95 சதவீதம், தண்ணீர் 26 கிராம். 150-ஐத் தாண்டும்போது 97 சதவீதம், தண்ணீர் வெறும் 15 கிராம்.

இந்த எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 111-லிருந்து 116-க்குப் போக 35 கிராமுக்கு மேல் தண்ணீர் வெளியேற வேண்டும். அதாவது ஒரு டிகிரி ஏற ஏழெட்டு கிராம். 140-லிருந்து 151-க்குப் போக மொத்தமே 11 கிராம் போனால் போதும், டிகிரிக்கு ஒரு கிராம். அதனால்தான் 110-ல் பாகு அசையாமல் நின்று நம் பொறுமையைச் சோதிக்கும், 140-ஐத் தாண்டியதும் ஓடும். அடுப்பின் தீ அதேதான். முன்பு ஒரு டிகிரிக்கு அரை நிமிடம் எடுத்த தீ, இப்போது சில விநாடிகளில் அதைச் செய்துவிடும். 140 வந்ததும் தீயைக் குறையுங்கள் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் முதல் கோளாறுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. தெர்மாமீட்டர் 114 காட்டியபோது உண்மையான சூடு 110 என்று வைத்துக்கொள்வோம். 114-ல் இந்தப் பாத்திரத்தில் 100 கிராம் போலத் தண்ணீர் இருந்திருக்கும். 110-ல் 130 கிராம் இருக்கிறது. அந்த 30 கிராம் கூடுதல் தண்ணீரோடு பாகு எப்படி உருளும்? கம்பிப் பதத்தில்தான் நிற்கும், நூலாகத்தான் இழுபடும். உங்கள் கண்ணும் விரலும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன.

இனி சொட்டு. ஒரு அகலமான கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். ஐஸ் கட்டி போட வேண்டாம், அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் எல்லாப் பதமும் ஒரு படி கெட்டியாகத் தெரியும். சொட்டு எடுக்கும் முன் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள் அல்லது தீயை அணைத்துவிடுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. தண்ணீரில் விரலை விட்டு ஆராய்ந்துகொண்டிருக்கும் அரை நிமிடத்தில் அடுப்பில் இருப்பது அடுத்த பதத்துக்குப் போய்விடும், நீங்கள் பரிசோதித்தது ஒரு பாகு, ஊற்றுவது வேறொரு பாகு என்றாகும். காய்ந்த சுத்தமான கரண்டியில் அரை டீஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் விட்டு, ஐந்தாறு விநாடி பொறுத்து, தண்ணீருக்குள்ளேயே விரலால் திரட்ட வேண்டும்.

106-லிருந்து 112 வரை கம்பிப் பதம். இதற்குத் தண்ணீர்க் கிண்ணமே வேண்டாம். கரண்டியிலிருந்து ஒரு துளி எடுத்து, சற்று ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரித்தால் நூல் இழுக்கும். ஆரம்பத்தில் சட்டென்று அறுந்துவிடும் ஒற்றைக் கம்பி, மேலே போகப்போக அறாமல் நீளும். தண்ணீரில் விட்டால் இந்தப் பாகு நூல் நூலாகக் கலைந்து கரைந்துபோகும், திரளாது.

112 முதல் 116 வரை சாஃப்ட் பால், மென்மையான உருட்டுப் பதம். தண்ணீருக்குள் திரட்டினால் உருண்டை வரும். வெளியே எடுத்து விரல்மேல் வைத்தால் தன் எடைக்கே தட்டையாகிச் சரிந்துவிடும். இந்தச் சரிவுதான் அடையாளம். 'உருண்டை வந்துவிட்டது' என்பதோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த பதத்தையும் இதையும் பிரித்தறிய முடியாது. ஃபட்ஜ், ஃபாண்டன்ட் எல்லாம் இங்கேதான் இறக்குகிறார்கள். 118–120-ல் வருவது ஃபர்ம் பால். வெளியே எடுத்தாலும் சரியாது, அழுத்தினால்தான் தட்டையாகும். மெல்லும் கேரமல் பதம் இது. 121-லிருந்து 130 வரை ஹார்டு பால். உருண்டை அழுத்தத்துக்கும் லேசில் மசியாது, ஆனாலும் கடினமான மெழுகு மாதிரி உருமாற்ற முடியும். கிண்ணத்தின் ஓரத்தில் தட்டினால் மெல்லிய 'டக்' சத்தம் கேட்கும். நூகா, மார்ஷ்மெல்லோ வகைகளுக்குப் பாகு இந்த எல்லைக்குள் வர வேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த மாதிரி எல்லை எதுவும் கிடையாது, ஒன்று மெல்ல மற்றதாகிறது. அட்டைக்கு அட்டை ஓரிரு டிகிரி மாறினால் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

132-க்கு மேல் உருண்டைப் பேச்சே இல்லை. சொட்டு தண்ணீரில் விழுந்ததும் இழைகளாக விறைத்துவிடும். 132 முதல் 143 வரை சாஃப்ட் கிராக்: அந்த இழையை எடுத்து மடக்கினால் கொஞ்சம் வளைந்து கொடுத்துப் பிறகுதான் உடையும். டாஃபி வகைகள் இதில் வரும். 146 முதல் 154 வரை ஹார்டு கிராக்: தண்ணீரில் விழும்போதே படபடவென்று வெடிக்கும் சத்தம் வரும், மடக்கப் போனால் வளையாமல் பட்டென்று முறியும். கடலை போட்ட மொறுமொறு மிட்டாய், குச்சி மிட்டாய் எல்லாம் இந்தப் பதம்தான். கடித்துப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. தண்ணீரில் முழுக்க ஆறிய துண்டைப் பல்லில் வைத்துக் கடித்தால் பொடிந்து உதிர வேண்டும். பல்லில் ஒட்டினால் இன்னும் சாஃப்ட் கிராக்கில்தான் இருக்கிறது. 160-ஐத் தாண்டினால் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சர்க்கரையே சிதைந்து நிறம் மாறத் தொடங்கும், 170-க்கு மேல் பழுப்பு ஆழமாகி, கவனிக்காமல் விட்டால் கசந்து கருகும்.

சரி, இப்போது தெர்மாமீட்டரைச் சோதிப்போம். பாகு காய்ச்சும் அதே பாத்திரத்தில், நுனி நன்றாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றித் தளதளவென்று கொதிக்க விடுங்கள். ஓரத்தில் குமிழி வருவது போதாது, முழுக் கொதி வேண்டும். தெர்மாமீட்டரைப் பாகில் எப்படி மாட்டுவீர்களோ அப்படியே மாட்டி, எண் நகராமல் நிற்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர் என்றால் 100 காட்ட வேண்டும். 104 காட்டினால் உங்கள் அட்டையில் உள்ள ஒவ்வொரு எண்ணோடும் 4 கூட்டிக்கொள்ளுங்கள். சாஃப்ட் பாலுக்கு 116–120-ல் இறக்க வேண்டும், ஹார்டு கிராக்குக்கு 150–158.

உயரமான ஊர் என்றால் கணக்கு வேறு பக்கம் போகும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும், பாகும் அதே அளவு குறைந்த சூட்டிலேயே ஒவ்வொரு பதத்தையும் எட்டிவிடும். அங்கே 114 வரை காத்திருந்தால் சாஃப்ட் பால் தாண்டி ஃபர்ம் பாலுக்குப் போயிருக்கும். கொதிநீர்ச் சோதனையின் அழகு என்னவென்றால், ஊரின் உயரமும் கருவியின் பிழையும் சேர்ந்து ஒரே எண்ணாக வந்துவிடும். 97 காட்டினால் எல்லா எண்ணிலிருந்தும் 3 கழியுங்கள். அந்த மூன்றில் எவ்வளவு உயரத்தால், எவ்வளவு கருவியால் என்று பதத்துக்காகத் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தெரிய வேண்டும். சர்க்கரை நிறம் மாறுவது தண்ணீர் கொதிக்கும் கணக்கில் வராது, அது சூட்டினால் நடக்கும் ரசாயன மாற்றம். மலைமேல் இருந்தாலும் கடற்கரையில் இருந்தாலும் அதற்கு வேண்டிய சூடு ஒன்றுதான். ஆகவே நிறம் வரும் வரை காய்ச்சும்போது உயரத்துக்காகக் கழிக்கக் கூடாது, கருவியின் பிழையை மட்டும் திருத்த வேண்டும். நிறத்துக்குக் கண்ணையே நம்புங்கள் என்பேன் நான். ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் போதும். ஆழமான, கருநிறப் பாத்திரத்தில் பாகின் நிறம் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும்.

இன்னொன்று, கொதிநீர்ச் சோதனை 100-ஐ ஒட்டிய இடத்தில்தான் உறுதி தருகிறது. மலிவான கருவிகளில் 100-ல் சரியாக இருந்துவிட்டு 150-ல் பிசகுவதும் உண்டு. அதனால்தான் ஹார்டு கிராக்கை எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்கிறேன். முதல் இரண்டு மூன்று தடவை சொட்டோடு ஒத்துப்பார்த்து, உங்கள் கருவி எந்த எண்ணைக் காட்டும்போது இழை வளையாமல் முறிகிறது என்று அட்டையிலேயே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். அச்சிட்ட எண்ணைவிட அந்த எண் உங்களுக்கு அதிகம் உதவும்.

கருவி சரியாக இருந்தும் வைக்கிற விதத்தில் தவறு நடக்கலாம். பாத்திரத்தின் அடி, பாகைவிடச் சூடாக இருக்கும். நுனி அடியைத் தொட்டால் எண் கூடுதலாகத்தான் வரும், உங்களுக்கு நடந்த மாதிரியே. அடியிலிருந்து ஒரு விரல்கனமாவது உயரத்தில், ஆனால் நுனி முழுக்கப் பாகில் மூழ்கியபடி நிற்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் கொஞ்சம் பாகு காய்ச்சினால் இது நடக்கவே நடக்காது. 500 கிராம் சர்க்கரையே அகன்ற வாணலியில் ஊற்றினால் மெல்லிய படலமாகத்தான் இருக்கும். அதே அளவைக் குறுகலான, அடிகனமான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். அதுவும் முடியாவிட்டால், எண் பார்க்கும் நேரத்தில் பாத்திரத்தைச் சாய்த்துப் பாகை ஒரு பக்கம் திரட்டி, நுனியை நடுவில் பிடித்துப் பாருங்கள். தொடாமலேயே ஒளி அடித்து அளக்கும் வகை பாகுக்கு அவ்வளவாக உதவாது. அது மேல்பரப்பை மட்டும் பார்க்கிறது, மேலே நுரையும் ஆவியும் இருக்கின்றன. உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

தராசு இருந்தால் தெர்மாமீட்டரையும் விரலையும் இரண்டையும் சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது. பாத்திரத்தைக் காலியாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கிராம் சர்க்கரையில் தொடங்கி, சாஃப்ட் பால் என்று நினைக்கும் இடத்தில் அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு மரப்பலகையை இடையில் வைத்துப் பாத்திரத்தோடு நிறுத்துப் பாருங்கள். பாகின் எடை 590-லிருந்து 600 கிராமுக்குள் இருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். 630 காட்டினால் தண்ணீர் இன்னும் போக வேண்டும், தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் சரி. கரண்டியில் ஒட்டியது, சோதனைக்கு எடுத்தது என்று சில கிராம் குறையும், அதனால் பாதிப்பில்லை. ஹார்டு கிராக்கில் இந்த வழி எடுபடாது. அங்கே விஷயமே ஐந்து பத்து கிராமுக்குள் முடிந்துவிடுகிறது, சமையலறைத் தராசும் கரண்டியில் ஒட்டியதும் சேர்ந்து அதை விழுங்கிவிடும்.

இப்போது பல்லில் ஒட்டிய மிட்டாய்க்கு வருவோம். முதல் சந்தேகம் அதே தெர்மாமீட்டர்தான். 150 காட்டும்போது உண்மையில் 146 என்றால் ஹார்டு கிராக்கின் வாசலில் நிற்கிறீர்கள், 145 என்றால் உள்ளேயே நுழையவில்லை. நாலு டிகிரி என்பது இந்த இடத்தில் நாலு கிராம் தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் இந்த இடத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் வேலை அதிகம். ஆறிய மிட்டாய் படிகம் கிடையாது, கண்ணாடி போன்ற நிலையில் விறைத்துப்போன திரவம். தண்ணீர் இரண்டு மூன்று சதவீதம் இருக்கும்போது அறைச் சூட்டில் விறைப்பாக நிற்கும். அதுவே ஐந்தாறு சதவீதம் ஆகிவிட்டால் அறைச் சூடே அதை இளக்கப் போதும், வாயின் சூட்டில் கேட்கவே வேண்டாம்.

தெர்மாமீட்டரைத் திருத்திய பிறகும் ஒட்டினால் அடுத்து எலுமிச்சைச் சாற்றை விசாரியுங்கள். பாகு மணலாகாமல் இருக்கச் சாறு விடச் சொல்வார்கள், சரிதான். அமிலம் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும், அவை சர்க்கரை படிகமாவதைத் தடுக்கும். ஆனால் ஃபிரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து இழுக்கும், மிட்டாயை இளக்கவும் செய்யும். 500 கிராமுக்குக் கால் டீஸ்பூன் போதும். ஒரு டேபிள்ஸ்பூன் விட்டு, சிறுதீயில் நெடுநேரம் காய்ச்சினால் தெர்மாமீட்டர் சரியாக 150 காட்டினாலும் மிட்டாய் பிசுபிசுக்கும், நிறமும் சீக்கிரமே ஏறும். மெதுவாகக் காய்ச்சினால் நல்லது என்ற எண்ணம் இங்கே எதிராகப் போகிறது. சாறு விட்ட பாகைக் கரைந்தபின் நல்ல தீயில் வேகமாக ஏற்றி, கடைசி பத்து டிகிரிக்கு மட்டும் தீயைக் குறைப்பதே மேல். குளுக்கோஸ் சிரப் கிடைத்தால் சாற்றை விட்டுவிட்டு அதையே சேர்க்கலாம். எவ்வளவு உடைகிறது என்று ஊகிக்க வேண்டிய தொல்லை இல்லை, அளந்து போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும். 500 கிராம் சர்க்கரைக்கு 100 கிராம் வரை போடலாம்.

மூன்றாவது, ஈரக்காற்று. மழை நாளில் செய்த மிட்டாய் ஊற்றும்போது கண்ணாடியாக இருந்துவிட்டு ஒரு மணி நேரத்தில் மேலே பிசுபிசுக்கத் தொடங்கும். உள்ளே கடித்தால் மொறுமொறுப்பு, வெளியே ஒட்டல் என்றால் பதம் சரி, காற்றுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளேயும் மேலேயும் ஒரே மாதிரி ஒட்டினால் பதம் போதவில்லை. ஈரமான நாளில் 152, 153 வரை கொண்டுபோய், ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூட வேண்டும். சூடு ஆறும் முன்னே மூடினால் உள்ளேயே வியர்த்து எல்லாம் வீணாகும்.

அட்டையில் உள்ள எண்கள் எல்லாம் வெறும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்த பாகுக்கு எழுதியவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெல்லம், தேன், பால், வெண்ணெய் எது சேர்ந்தாலும் அதே எண்ணில் அதே பதம் வரும் என்று உறுதி இல்லை. வெல்லத்திலும் தேனிலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இயல்பாகவே இருக்கின்றன, அதனால் அதே சூட்டில் இளக்கமாக நிற்கும். பால் சேர்ந்த பாகு வெறும் சர்க்கரைக்கு முன்பே பழுப்பேறும், அடியும் பிடிக்கும். அந்த மாதிரிப் பாகுகளுக்கு எண்ணை ஒரு எச்சரிக்கை மணியாக மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்தாறு டிகிரி முன்னாலிருந்தே சொட்டு விட்டுப் பார்க்கத் தொடங்குவதுதான் பாதுகாப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாஃப்ட் பால் சரியாக வரத் தொடங்கியதும் அடுத்து இதில்தான் மாட்டுவீர்கள். 85 சதவீதப் பாகு ஆறும்போது, தண்ணீர் தாங்கக்கூடிய அளவைவிட மிக அதிகமான சர்க்கரை அதில் கரைந்து நிற்கும். படிகமாக ஒரு சாக்கு கிடைத்தால் போதும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒரு சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தாலே மொத்தமும் மணல் மணலாகிவிடும். அதனால் சர்க்கரை முழுக்கக் கரையும் வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்தபின் கிளற வேண்டாம், சொட்டு எடுக்க மட்டும் கரண்டியை விட்டால் போதும். ஓரத்தில் தெறித்ததை ஈரத் தூரிகையால் துடைத்துவிடுங்கள், அல்லது கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள், ஆவியே கழுவிவிடும். ஃபட்ஜ், ஃபாண்டன்ட் மாதிரி படிகமே வேண்டும் என்கிற இனிப்புகளிலும் இறக்கியவுடன் கிளறக் கூடாது. சூட்டில் பிறக்கும் படிகங்கள் பெரிதாக வளர்ந்து நாக்கில் நறநறக்கும். அசைக்காமல் 45–50 டிகிரி வரை ஆறவிட்டு, அப்புறம் விடாமல் அடித்தால் கணக்கில்லாத சிறு படிகங்கள் ஒரே நேரத்தில் பிறக்கும், வாயில் வழவழப்பாக இருக்கும். தெர்மாமீட்டர் ஏறும்போது எவ்வளவு முக்கியமோ இங்கே இறங்கும்போதும் அவ்வளவு முக்கியம்.

பதம் தாண்டிப் போனால் கொட்டிவிட வேண்டாம். பாகு இன்னும் நிறம் மாறாமல் இருக்கும் வரை திரும்பி வர வழி உண்டு. 500 கிராம் சர்க்கரையில் காய்ச்சிய உங்கள் பாகு 114-ல் நிற்க வேண்டியது, 125-க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அதில் 50 கிராம் போலத்தான் தண்ணீர் மிச்சம் இருக்கும், வேண்டியது 100. அடுப்பிலிருந்து இறக்கி, 70, 80 கிராம் வெந்நீரை ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சீறும், ஆவி அடிக்கும், முகத்தை நீட்டாதீர்கள், நீளக் கைப்பிடிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சூட்டில் பாகு தோலில் பட்டால் தண்ணீர் மாதிரி வழிந்துபோகாது, ஒட்டிக்கொண்டே சுடும். எல்லாம் கலந்து தெளிந்ததும் மறுபடி கொதிக்க வைத்து 114-க்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவை இப்படிச் செய்தால் தெரியாது. இரண்டு மூன்று தடவை நீர்விட்டுக் காய்ச்சினால், அதுவும் சாறு விட்ட பாகு என்றால், உடைந்த சர்க்கரை கூடிப்போய் உருண்டை வழக்கத்தைவிட இளக்கமாக வரும். அப்போது எண் 114 என்றாலும் சொட்டு 116 வரை போகச் சொல்லும், சொட்டு சொல்வதைக் கேளுங்கள். நிறம் ஏறிவிட்ட பாகுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. தண்ணீர் விட்டால் இளகும், ஆனால் பழுப்பும் அந்த வாசனையும் போகாது. அதைக் கேரமல் சாஸாக வைத்துக்கொண்டு, ஃபட்ஜுக்குப் புதிதாகச் சர்க்கரை போடுங்கள்.